காய்ச்சலோடு வேலைக்கு வருகிறவரைப் புகழ்கிறவருக்கு

திருப்பதிப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றின் மனிதவள மேலாளர், உடம்பு சரியில்லாதபோதும் வேலைக்கு வருகிறவர்களைப் போற்றியும் விடுப்புக் கேட்கிறவர்களைத் தூற்றியும் தொழில் வட்டாரத்துச் சிற்றேடு ஒன்றில் மூன்று பக்கம் எழுதியிருக்கிறார். அவர் பெயரையும் ஆலையின் பெயரையும் இங்கே சொல்லப் போவதில்லை. ரேணிகுண்டாவிலிருந்து ஸ்ரீசிட்டி வரை, சித்தூர்ப் பக்கத்து மாம்பழக் கூழ் ஆலைகள் வரை, மேசைக்கு அந்தப்பக்கம் உட்கார்ந்திருக்கும் பலரும் வாயால் சொல்வதை அவர் துணிந்து அச்சில் ஏற்றியிருக்கிறார், அவ்வளவுதான். துணிந்தவர் கொஞ்சம் யோசித்தும் இருந்தால் நன்றாயிருந்திருக்கும். சத்தியவேடு, நகரி, புத்தூர்ப் பக்கத்துத் தொழிலாளர்களுக்கு இஎஸ்ஐ படிவம் நிரப்பிக் கொடுத்தே தலை நரைத்தவன் நான். அவருடைய மூன்று பக்கத்தையும் வரி வரியாகப் படித்தேன். அதில் வாதம் என்று சொல்லத்தக்கவை நான்குதான் இருக்கின்றன. நான்கும் ஒன்றையொன்று கழுத்தைப் பிடித்து நெரிக்கின்றன.

முதல் வாதம்: விடுப்பு இருக்கிறது, சட்டம் கொடுத்திருக்கிறது, இஎஸ்ஐ பணமும் கொடுக்கிறது, இத்தனைக்கும் பிறகு காய்ச்சலோடு வருகிறவர் தன் விருப்பத்தால்தான் வருகிறார், நிர்வாகத்தைக் குறை சொல்ல என்ன இருக்கிறது?

இஎஸ்ஐ பணம் கொடுக்கிறது என்பது உண்மை. எப்போது, யாருக்கு, எத்தனையாவது நாளிலிருந்து என்பதை அவர் ஏன் எழுதவில்லை? மனிதவளத் துறையில் மேலாளராக இருக்கிறவருக்கு இது தெரியாது என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. தெரிந்து விட்டிருக்கிறார் என்றால் அது இன்னும் மோசம். தெரிந்ததைத்தான் எழுதுகிறேன். நோய்க்கால உதவி என்பது சராசரி நாள் கூலியில் 70 சதவீதம், ஆண்டுக்கு அதிகபட்சம் 91 நாள். அதைப் பெற ஆறு மாதச் சந்தாக் காலத்தில் குறைந்தது 78 நாளுக்குச் சந்தா போயிருக்க வேண்டும். புதிதாகச் சேர்ந்தவருக்கு மருத்துவம் உடனே கிடைக்கும், ஆனால் காசு கிடைக்க ஏறத்தாழ ஒன்பது மாதம் காத்திருக்க வேண்டும். ஒப்பந்தக்காரர் மாறி மாறி ஆள் எடுக்கிற இடத்தில் எத்தனை பேர் அந்த ஒன்பதாவது மாதத்தைப் பார்க்கிறார்கள்? இதெல்லாம் தாண்டி வந்தவருக்கும் ஒரு நிபந்தனை காத்திருக்கிறது. நோயின் முதல் இரண்டு நாளுக்குப் பணம் கிடையாது. முந்தைய நோய்க்காலம் முடிந்து 15 நாளுக்குள் மறுபடி படுத்தால் மட்டும்தான் அந்த இரண்டு நாள் விலக்கு. சாதாரண வைரல் காய்ச்சல் எத்தனை நாள் இருக்கும் என்று நம் ஊரில் சின்னப் பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். அந்த இரண்டு மூன்று நாளில் முதல் இரண்டைத்தான் திட்டம் கைவிட்டிருக்கிறது.

கணக்காகவே பார்ப்போம். புரிவதற்காக ஓர் எளிய சம்பளத்தை வைத்துக்கொள்கிறேன்: 26 வேலை நாளுக்கு மாதம் 15,600 ரூபாய், நாளுக்கு 600. அதோடு ஒரு நாள்கூடத் தவறாமல் வந்தால் மாதம் 1,500 ரூபாய் அட்டெண்டன்ஸ் போனஸ். ஒரு நாள் தவறினால் முழுத் தொகையும் போய்விடும். இந்தத் தொழிலாளி காய்ச்சலுக்கு இரண்டு நாள் படுத்தால் கூலியில் 1,200, போனஸில் 1,500, ஆக 2,700 ரூபாய் இழப்பு. இஎஸ்ஐயிலிருந்து வருவது பூஜ்யம். அதே ஆள் ஐந்து நாள் படுத்தால்? கூலியில் 3,000, போனஸில் 1,500. இஎஸ்ஐ மூன்று நாளுக்கு ஏறத்தாழ 420 வீதம் 1,260 கொடுக்கும். நிகர இழப்பு 3,240. முதல் இரண்டு நாள் ஒவ்வொன்றுக்கும் அவர் கொடுக்கும் விலை 1,350 ரூபாய், அதாவது அவருடைய கூலியைப்போல் இரு மடங்குக்கும் மேல். அடுத்த மூன்று நாள் ஒவ்வொன்றுக்கும் 180. குறுகிய, நேர்மையான, எல்லாருக்கும் வரும் காய்ச்சலுக்குத்தான் இந்த அமைப்பு மிகக் கடுமையான அபராதம் வைத்திருக்கிறது. காய்ச்சலோடு ஷிப்டுக்குப் போனால் இழப்பு ஒரு பைசாவும் இல்லை. இதற்குப் பெயர் விருப்பமாம்!

அட்டெண்டன்ஸ் போனஸ் தண்டனை அல்ல, பரிசு என்று அவர் அழுத்தி எழுதுகிறார். ஏன் இத்தனை அழுத்தம்? 1948ஆம் ஆண்டின் இஎஸ்ஐ சட்டத்திலேயே, நோய்க்கால உதவி பெறும் காலத்தில் ஒருவரை வேலையை விட்டு நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று 73ஆம் பிரிவு இருந்தது. கூலியில் எதைப் பிடிக்கலாம், எதைப் பிடிக்கக் கூடாது என்பதற்கும் சட்டம் இருக்கிறது. சம்பளத்தின் ஒரு துண்டை முதலிலேயே உடைத்துத் தனியே வைத்து, அதைக் கொடுக்காமல் விடுவதாகச் செய்துவிட்டால் பிடித்தம் என்ற பேச்சே எழாது, நோயாளியைத் தண்டித்தோம் என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது. பரிசு என்றால் நான்கு வாரத்தில் மூன்று வாரம் முழுதாக வந்தவருக்கு முக்கால் பங்காவது கிடைக்க வேண்டாமா? மாதக் கடைசியில் 29ஆம் தேதி ஜுரம் வந்தவருக்கு அதுவரையிலான உழைப்பின் பரிசும் போய்விடுகிறதே, அது எந்தக் கணக்கில் பரிசு?

சட்டம் விடுப்புக் கொடுத்திருக்கிறது என்பதையும் விட்டுவிட வேண்டாம். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டத்தில் இருந்தது ஈட்டிய விடுப்புத்தான்: ஆண்டில் 240 நாள் வேலை செய்தவருக்கு அடுத்த ஆண்டில் 20 நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம். காய்ச்சலுக்கென்று தனி விடுப்பு அதில் கிடையாது. ஆனாலும் அந்தச் சட்டத்தை எழுதியவர்களுக்கு நம் மேலாளரைவிட மனித உடம்பைப் பற்றி அறிவு அதிகம் இருந்தது. விடுப்புக்கு 15 நாள் முன்பே எழுதிக் கொடுக்க வேண்டும் என்று சொன்ன அதே 79ஆம் பிரிவில், நோய்க்காக அந்த விடுப்பைக் கேட்கிறவருக்கு அப்படி முன்கூட்டி எழுதாவிட்டாலும் கொடுத்தாக வேண்டும் என்றும் சேர்த்திருந்தார்கள். நோய் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. இவரோ தம் கட்டுரையின் இரண்டாம் பக்கத்தில், ‘பொறுப்புள்ள ஊழியர் விடுப்பை முன்கூட்டியே திட்டமிடுவார்’ என்கிறார். டெங்குக் கொசு எந்தத் தேதியில் கடிக்கும் என்று திட்டமிடச் சொல்கிறாரா?

இரண்டாம் வாதத்தில் அவர் தம் உறவினர் ஒருவரை இழுத்துவருகிறார். திருமலை மலைப்பாதையில் பல ஆண்டு பஸ் ஓட்டிய பெரியவராம். சளியோ காய்ச்சலோ மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஸ்டீயரிங்கைப் பிடித்துவிடுவாராம். அந்த அர்ப்பணிப்பு இந்தத் தலைமுறைக்கு இல்லையாம். அந்தப் பெரியவரின் உழைப்பை நான் குறைத்துப் பேசவில்லை. மேலேற ஒரு பாதை, கீழிறங்க ஒரு பாதை என்று பிரித்து வைத்திருந்தும், வளைவுக்கு வளைவு பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்ட வேண்டிய மலை அது. கேட்க வேண்டியது, அவர் போட்டுக்கொண்ட மாத்திரையில் என்ன இருந்தது என்பதை. மருந்துக்கடையில் சளிக்கென்று கேட்டு வாங்கும் மாத்திரைகள் பலவற்றில் குளோர்பெனிரமின் இருக்கிறது. மூக்கொழுகல் நிற்கும், கூடவே தூக்கம் வரும், கை மந்தப்படும், முடிவெடுக்க ஒரு நொடி கூடுதலாகும். வண்டி ஓட்டக் கூடாது என்று அட்டையிலேயே எச்சரிக்கை போடும் மருந்து அது. அந்த மந்தத்தோடு ஐம்பது பக்தர்களை ஏற்றிக்கொண்டு கொண்டை ஊசி வளைவில் இறங்குவதை அர்ப்பணிப்பு என்று எழுத ஒருவருக்குக் கை எப்படி வருகிறது? பெரியவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்பது அவர் அதிர்ஷ்டம், பயணிகள் அதிர்ஷ்டம். அன்று டிப்போவில் மாற்று ஓட்டுநர் இருந்தாரா, அவர் லீவு கேட்டிருந்தால் என்ன பேச்சு வாங்கியிருப்பார் என்பதைப் பற்றி ஒரு வரி உண்டா கட்டுரையில்?

இதே மேலாளர்தான் மார்ச் மாதப் பாதுகாப்பு வாரத்தில் மைக் பிடித்து, தூக்கக் கலக்கத்தோடு யாரும் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று உறுதிமொழி எடுக்க வைக்கிறவர். கட்டுரையில் அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார். ஒரே பேனா, ஒரே கட்டுரை. முதல் பக்கத்தில் மாத்திரை மயக்கத்தோடு ஓட்டியவர் உத்தமர், மூன்றாம் பக்கத்தில் கலக்கத்தோடு இயந்திரத்தைத் தொடுகிறவர் குற்றவாளி. எதை நம்பச் சொல்கிறார்?

மூன்றாவது வாதம்தான் அவருக்குப் பிடித்த வாதம், ஏனென்றால் அதில் எண்ணிக்கை இருக்கிறது. ஒருவர் வராவிட்டால் லைன் நின்றுவிடும், உற்பத்தி குறையும். காய்ச்சலோடு வந்தவர் பாதி வேலை செய்தாலும் பாதி லாபம் என்கிறார். பள்ளிக்கூடக் கணக்கில் சரி. ஆலைக்குள் என்ன நடக்கிறது என்பதற்கு நான் படிவம் எழுதிக் கொடுத்த ஒரு பெண்ணின் வாரத்தைச் சொல்கிறேன். சத்தியவேடு பக்கத்துக் கிராமம். மின்னணுப் பலகைகளில் பற்றவைப்புச் சரியாக இருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்த்துத் தள்ளும் வேலை. திங்கள் இரவு காய்ச்சல் கண்டது. லைன் லீடருக்கு வாட்ஸ்அப்பில் எழுதினாள். நீலக் குறி வந்தது, பதில் வரவில்லை. அந்தக் குழுவில் அடுத்து வந்த செய்தி மறுநாள் டார்கெட். அவர்கள் ஆலையில் குழு ஊக்கத்தொகையும் உண்டு. ஒருத்தி குறைந்தால் பன்னிரண்டு பேருக்கும் குறையும். ஆகவே மேலாளர் யாரையும் திட்ட வேண்டிய தேவையே இல்லை, பக்கத்து இருக்கைக்காரி முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வாள். போன முறை லீவு போட்டுத் திரும்பியபோது சூப்பர்வைசர் எல்லார் முன்னாலும், ‘ஜ்வரம் அந்தரிகீ வஸ்துந்தி கதா’ என்று சிரித்தாராம். எல்லாருக்கும்தானே காய்ச்சல் வருகிறது, உனக்கு மட்டும் என்ன தனி என்று அர்த்தம். அந்தச் சிரிப்பு ஞாபகம் வந்து, செவ்வாய் விடியற்காலை ஐந்து மணிக்கு டோலோ ஒன்றைப் போட்டுக்கொண்டு கம்பெனி பஸ்ஸில் ஏறிவிட்டாள்.

கேட்டில் நெற்றிக்கு நேராக வெப்பமானி பிடித்தார்கள். பாரசிட்டமால் போட்ட ஒரு மணி நேரத்தில் காய்ச்சல் இறங்கத் தொடங்கும். நான்கிலிருந்து ஆறு மணி நேரம் அடங்கிக் கிடக்கும். கேட்டைத் தாண்ட அது போதும். செவ்வாய், புதன், வியாழன் இப்படியே போயிற்று. வெள்ளிக்கிழமை மாத்திரை போடாமலேயே உடம்பு குளிர்ந்துவிட்டது, குணமாகிவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனாள். அவளுக்கு வந்திருந்தது டெங்கு. டெங்குவில் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான நேரம்: ரத்தக் குழாயிலிருந்து நீர் கசியும், தட்டணுக்கள் சரியும், ரத்தம் கெட்டியாகும். வயிற்று வலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், தாங்க முடியாத சோர்வு என்று உடம்பு எச்சரிக்கும். அந்த நேரத்தில் நோயாளிக்கு வேண்டியது ஓய்வும் ஓயாமல் நீராகாரமும், தினம் ஒரு ரத்தப் பரிசோதனையும். அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் தெரியுமா? தண்ணீர் குடிப்பதைக் குறைத்திருந்தாள். கழிவறைக்குப் போக வேண்டுமானால் ரிலீவர் வந்து இருக்கையில் உட்கார வேண்டும். மூன்று லைனுக்கு ஒரு ரிலீவர். கூப்பிட்டு அரை மணி காத்திருப்பதைவிடக் குடிக்காமல் இருப்பது எளிது என்று அங்கே எல்லாப் பெண்களுக்கும் தெரியும். டெங்குக்காரிக்கு ஒரே மருந்து தண்ணீர். அவளோ அதைத் தவிர்த்துக்கொண்டு பூதக்கண்ணாடிக்குள் கண்ணை நட்டுக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை திரும்பும் பஸ்ஸில் வாந்தி எடுத்து மயங்கினாள். திருப்பதியில் மருத்துவமனை, குளுக்கோஸ், வீட்டார் மாறி மாறிக் காவல். மறுபடி லைனில் உட்கார மூன்று வாரமாயிற்று. விடுப்பு எடுத்திருந்தால் டெங்கு வராமல் இருந்திருக்காது, அப்படிப் பொய் சொல்ல நான் தயாரில்லை. செவ்வாய்க்கிழமை வீட்டில் இருந்திருந்தால் மருத்துவரைப் பார்த்திருப்பாள். முதல் ஐந்து நாளுக்குள் செய்யும் என்எஸ்1 பரிசோதனையில் பெரும்பாலும் தெரிந்திருக்கும். காய்ச்சல் இறங்கியதைக் குணம் என்று நம்பியிருக்க மாட்டாள். நம் மேலாளரின் ‘பாதி லாபம்’ இதற்குள் எங்கே இருக்கிறது? செவ்வாயிலிருந்து சனி வரை அவள் பார்த்துத் தள்ளிய பலகைகளை எல்லாம் இன்னொரு ஷிப்டை உட்காரவைத்து மறுபடி பார்க்கச் சொன்னார்கள், ஏனென்றால் தப்பவிட்ட கோளாறுகள் அடுத்த கட்டத்தில் பிடிபட்டன. மூன்று நாள் விடுப்பை மிச்சப்படுத்தி, மூன்று வார விடுப்பையும் ஒரு ஷிப்டின் மறுவேலையையும் வாங்கிய வியாபாரம் இது.

இது ஒரு பெண்ணின் கதை, விதிவிலக்கு என்பார். லண்டனில் அரசு ஊழியர்களை ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த வைட்ஹால் ஆய்வை எடுத்துப் பார்க்கட்டும். உடல்நலம் குன்றியிருந்தும் மூன்றாண்டில் ஒரு நாள்கூட நோய் விடுப்பு எடுக்காத ஆண்களுக்கு, அளவாக விடுப்பு எடுத்தவர்களைவிடப் பின்னால் கடுமையான இதய நோய் ஏறத்தாழ இரு மடங்கு வந்ததாக 2005இல் எழுதினார்கள். குளிர் அறையில் நாற்காலியில் உட்கார்ந்து கோப்புப் பார்த்தவர்களுக்கே இந்த நிலை. மே மாதத்து ரேணிகுண்டா வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறவருக்கு?

தொற்றைப் பற்றி ஒரு சொல்கூட அவர் எழுதவில்லை, அதை நான் கவனிக்காமல் விடவில்லை. டெங்கு இருமலில் பரவாது. ஆனால் ஃப்ளூ பரவும், அதுவும் நோய் கண்ட முதல் மூன்று நான்கு நாளில்தான் மிக அதிகமாக. எந்த முதல் நாட்களுக்கு இஎஸ்ஐ காசு கொடுப்பதில்லையோ, எந்த நாட்களுக்கு போனஸ் முழுதும் பறிபோகிறதோ, அதே நாட்களில்தான் நோயாளி பக்கத்தில் இருப்பவருக்கு மிகப் பெரிய ஆபத்து. அந்த நாட்களில் அவரை நாற்பது பேர் கொண்ட கம்பெனி பஸ்ஸில் ஜன்னல் சாத்தி உட்காரவைக்கத்தான் இந்த போனஸ் கொடுக்கப்படுகிறது. அமெரிக்காவில் சில நகரங்கள் சம்பளத்தோடு நோய் விடுப்பைக் கட்டாயமாக்கியபோது என்ன ஆயிற்று என்று பிக்லர், சீபார்த் என்ற இரு பொருளியலாளர்கள் பார்த்தார்கள். அந்த நகரங்களில் ஃப்ளூ போன்ற நோய்கள் குறைந்தன. எளிய விஷயம்தான்: இருமுகிறவர் வீட்டில் இருந்தால் பக்கத்து இருக்கைக்காரர் இருமமாட்டார்.

நான்காவது வாதம், தாராளமாக விடுப்புக் கொடுத்தால் எல்லாரும் பொய் சொல்வார்கள் என்பது. போலிச் சான்றிதழ் விற்கிறார்கள், கல்யாணத்துக்குப் போகக் காய்ச்சல் என்கிறார்கள் என்று குமுறுகிறார். போலிச் சான்றிதழ் உண்டு, எனக்கும் தெரியும். அது எப்படி வந்தது என்று கேட்டாரா? ஒரு நாள் காய்ச்சலுக்கும் சான்றிதழ் கொண்டுவா என்கிறார்கள். இஎஸ்ஐ மருந்தகம் போக இரண்டு பஸ் மாற வேண்டும், வரிசையில் பாதி நாள் நிற்க வேண்டும், 102 டிகிரி காய்ச்சலில் இருக்கிறவரால் முடியுமா? தெருமுனையில் காசுக்கு எழுதிக் கொடுக்கிறவரிடம் போகிறார். உண்மையான காய்ச்சலுக்கே போலிச் சான்றிதழ் வாங்க வைத்தது யார்? காய்ச்சல் என்றால் சிரிக்கிறார்கள், பாட்டி செத்துப்போனாள் என்றால் சிரிக்க முடியாது என்பதால்தான் நம் ஆலைகளில் இத்தனை பாட்டிகள் திரும்பத் திரும்பச் சாகிறார்கள். உண்மைக்கு மதிப்பில்லாத இடத்தில் பொய்தான் செல்லும் நாணயம்.

இந்த நான்காம் வாதத்தை இரண்டாம் வாதத்தோடு ஒட்டிப் படியுங்கள். தொழிலாளர்கள் பொய்யர்கள், கண்காணிப்பு இல்லையென்றால் ஒருவரும் வரமாட்டார்கள் என்கிறது நான்காவது. காய்ச்சலோடும் தாமாக மனமுவந்து வரும் அர்ப்பணிப்பாளர்கள் இவர்கள் என்கிறது இரண்டாவது. மனமுவந்து வருகிறவருக்குக் காவல் எதற்கு? காவல் இருப்பதால்தான் வருகிறார் என்றால் அர்ப்பணிப்பு எங்கே? அவருடைய ஆலையில் நடப்பது பயம் என்று அவரே தம் கையால் எழுதிக் கொடுத்துவிட்டார், அது அவருக்குத்தான் இன்னும் தெரியவில்லை.

இந்தப் பயத்தைப் படிப்பும் பதவியும் உள்ளவர்களாலேயே வெல்ல முடியவில்லை. பிலடெல்பியாவில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையின் மருத்துவர்களையும் பிற மருத்துவப் பணியாளர்களையும் கேட்டு 2015இல் வெளியிட்ட ஆய்வில், நோயோடு வேலைக்கு வந்தால் குழந்தைகளுக்கு ஆபத்து என்று 95 சதவீதம் பேர் ஒப்புக்கொண்டார்கள். முந்தைய ஓராண்டில் ஒரு முறையாவது அப்படி வந்தோம் என்று 83 சதவீதம் பேர் சொன்னார்கள். கூட வேலை செய்கிறவர்களைக் கைவிடக் கூடாது, ஆள் பற்றாக்குறை, சக ஊழியர்கள் ஒதுக்கிவிடுவார்கள் என்ற அச்சம்: அவர்கள் சொன்ன காரணங்கள் இவை. நோயைப் பற்றி எல்லாம் தெரிந்த மருத்துவரே பக்கத்தில் இருப்பவரின் முகத்துக்குப் பயப்படும்போது, மாதக் கடைசிக் கடன் தவணைக்குப் பயப்படும் சத்தியவேட்டுப் பெண்ணிடம் ‘உன் விருப்பம்தானே’ என்று சொல்ல எவ்வளவு தடித்த தோல் வேண்டும்?

ஆள் பற்றாக்குறை என்ற சொல்லில்தான் மேலாளரின் உண்மையான அக்கறை ஒளிந்திருக்கிறது. நம் நாட்டில் அரசு மருத்துவமனைக்கு எத்தனை செவிலியர் வேண்டும் என்று கணக்குப் போடும் விதிகளிலேயே, விடுப்பில் போகிறவர்களுக்கு ஈடாக 30 சதவீதம் கூடுதலாகச் சேர்க்கச் சொல்லியிருக்கிறது. பணியிடங்கள் நிரப்பப்படாமல் கிடப்பது வேறு வழக்கு. மனிதர்கள் நோய்ப்படுவார்கள் என்பதையாவது அந்தக் காகிதம் ஏற்றுக்கொள்கிறது. மேலாளரின் லைனுக்கு எத்தனை ஆள் வேண்டும் என்று கணக்கிட்டபோது எத்தனை சதவீதம் சேர்த்தார்கள்? பன்னிரண்டு இருக்கை, பன்னிரண்டு ஆள், மூன்று லைனுக்கு ஒரு ரிலீவர் என்றால் ஒருவருக்குக் காய்ச்சல் வந்த கணமே லைன் நிற்கத்தான் செய்யும். கூடுதலாக ஓர் ஆளுக்குக் கொடுக்க வேண்டிய சம்பளத்தை நிர்வாகம் மிச்சம் பிடிக்கிறது. அந்த மிச்சத்தின் விலையை, பன்னிரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துப் பயந்து, தங்கள் உடம்பால் கட்டுகிறார்கள். அர்ப்பணிப்பு என்ற பேச்செல்லாம் இந்தக் காலி இருக்கையை மூடப் போட்ட துணி. 2025இல் ஆந்திர அரசு தொழிற்சாலை வேலை நேரத்தை நாளுக்கு 9 மணியிலிருந்து 10 ஆக உயர்த்த முடிவெடுத்தது. மூன்று மாதத்துக்கு 75 மணி வரை இருந்த மிகைநேர வரம்பையும் 144 ஆக்கியது. இதை மேலாளர் கைதட்டி வரவேற்றிருக்கிறார். நீளும் அந்த நேரத்தில் நோய்ப்படுகிறவர் எங்கே போவார் என்று அவர் கேட்கவில்லை.

இன்னொன்று. ‘முதுகு வலிக்காக இரண்டு நாள் வீட்டில் ஓய்வில் இருந்தபோது இந்தக் கட்டுரையை எழுதி முடித்தேன்’ என்று தொடக்கத்தில் அவரே குறிப்பிடுகிறார். எடுத்தது சரி, முதுகு வலித்தால் ஓய்வு எடுக்கத்தான் வேண்டும். அந்த இரண்டு நாளில் அவருக்குச் சம்பளம் பிடித்தார்களா? திரும்பி வந்தபோது யாராவது எல்லார் முன்னாலும் சிரித்தார்களா? சான்றிதழ் கேட்டார்களா? தமக்கு இயல்பாகக் கிடைத்த இரண்டு நாளை, அதே இரண்டு நாளுக்கு 2,700 ரூபாய் கட்டுகிறவரிடம் ஒழுக்கப் பாடமாக நீட்டுகிறோம் என்று எழுதும்போது ஒரு கணம்கூட உறைக்கவில்லையா?

செய்ய வேண்டியது அவருக்குத் தெரியாததல்ல. இஎஸ்ஐ கொடுக்காத முதல் இரண்டு நாளை ஆலை கொடுக்கலாம். மேலே போட்ட கணக்கில் ஒரு முறைக்கு 1,200 ரூபாய், மறுவேலைக்கு உட்காரவைத்த ஒரு ஷிப்டின் கூலியைவிட மிகக் குறைவு. போனஸை நாள் கணக்கில் பிரித்துவிடலாம், ஒரு நாளுக்கு ஒரு நாள் பங்கு மட்டும் போகட்டும். மூன்று நாள் வரை தொழிலாளியின் சொல்லையே ஏற்கலாம், சான்றிதழ் நான்காம் நாளிலிருந்து போதும். குழு ஊக்கத்தொகைக் கணக்கிலிருந்து நோய்ப்பட்டவரின் இருக்கையை அன்றைக்கு நீக்கிவிட்டால் பக்கத்து இருக்கைக்காரி முகத்தைத் தூக்க மாட்டாள். சிலர் ஏமாற்றத்தான் செய்வார்கள். மாதாமாதம் திங்கட்கிழமையே காய்ச்சல் வருகிறவரைப் பதிவேடு பார்த்தே கண்டுபிடிக்கலாம், அதற்காக மற்ற எல்லாரையும் வெப்பமானிக்கு முன்னால் மாத்திரை போட்டு நிறுத்த வேண்டியதில்லை.

அடுத்த இதழில் மறுப்பு எழுதுவதாக மேலாளர் சொல்லியிருப்பதாகக் கேள்வி. எழுதட்டும். தம் ஆலையில் ஒரு ஷிப்டில் எத்தனை இருக்கை, எத்தனை ரிலீவர், கடந்த ஓராண்டில் இரண்டு நாளுக்குள் நோய் விடுப்பு எடுத்து அட்டெண்டன்ஸ் போனஸை இழந்தவர்கள் எத்தனை பேர், அவர்களுடைய பணம் மொத்தம் எவ்வளவு மிச்சமாயிற்று என்ற நான்கு எண்ணையும் அந்த மறுப்பின் முதல் பத்தியிலேயே போட்டுவிட்டு, அதன் பிறகு அர்ப்பணிப்பைப் பற்றி எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுதட்டும்.